வெள்ளம் புகுந்த வீட்டில் நண்பருக்குத் துணை நிற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த நண்பருக்கு நாம் முதலில் அனுப்பும் செய்தி பெரும்பாலும் "என்ன உதவி வேண்டுமானாலும் தயங்காமல் சொல்" என்பதாகவே இருக்கிறது. எதைக் கேட்பது, எவ்வளவு கேட்டால் மிகையாகாது என்று யோசிக்கும் வேலையை, ஏற்கெனவே தூக்கமின்றித் தவிக்கும் அவர் மீதே அது சுமத்திவிடுகிறது. அவரும் "பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாகவே சேற்றை அள்ளத் தொடங்குகிறார். "நாளைக் காலை எட்டு மணிக்கு வாளி, கையுறையுடன் வருகிறேன், பகல் ஒரு மணி வரை இருப்பேன், வேண்டாமென்றால் மட்டும் சொல்" என்று எழுதினால், அவர் சம்மதிப்பதற்கு எந்த முயற்சியும் தேவைப்படாது. சொன்ன நேரத்துக்குப் போய்விடுவதும், வீட்டின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டதை உறுதி செய்யாமல் தண்ணீரில் கால் வைக்காதிருப்பதும் நம் பொறுப்பு.

போன பிறகு நேரும் பெரிய தவறு, சுறுசுறுப்பு என்ற பெயரில் நனைந்த பொருட்களையெல்லாம் வாரி வெளியே எறிவதுதான். காப்பீடு இருந்தால், சேதத்தைக் காட்டும் படங்கள் இல்லாமல் இழப்பீடு பெறுவது கடினமாகிவிடும். ஆகவே ஒவ்வோர் அறையையும், சுவரில் நீர் ஏறிய கோட்டையும் முதலில் படமெடுத்து வையுங்கள். அதைவிட முக்கியமாக, குப்பை என்று நாம் நினைப்பது அவருக்கு என்னவென்று நமக்குத் தெரியாது.

நனைந்த புகைப்படத் தொகுப்பு ஒன்று கையில் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அதை வெயிலில் அப்படியே காய வைத்தால் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிறகு பிரிக்கும்போது கிழிந்துவிடும். ஈரம் காயும் முன்பே சுத்தமான குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, இழுக்காமல் மெதுவாகப் பிரித்து, படமுள்ள பக்கத்தை விரலால் தொடாமல் மேல்நோக்கி வைத்து நிழலில் உலர்த்த வேண்டும். ஆனால் வீட்டு அச்சுப்பொறியில் எடுத்த படங்களின் மை நீரில் கரையக்கூடும் என்பதால், அவற்றை அலசாமல் உலர்த்துவதே நல்லது. பூஞ்சை ஓரிரு நாட்களிலேயே பிடிக்கத் தொடங்கும். அதற்குள் வேலை முடியாதென்றால், பிளாஸ்டிக் பையிலிட்டு ஃப்ரீசரில் வைத்துப் பின்னர் நிதானமாகப் பிரிக்கலாம். இந்த வேலையில் அவரோடு உட்காரும்போது ஒவ்வொரு படத்தின் கதையையும் அவர் சொல்லக்கூடும். அதை அவசரப்படுத்தாமல் கேளுங்கள். "பொருள்தானே, உயிர் தப்பியதே பெரிது" என்ற ஆறுதல் அந்தப் பேச்சை அடைத்துவிடும்.

முதல் வாரத்தில் கூடும் கூட்டம் அடுத்த வாரத்தில் கலைந்துவிடுகிறது. சுவர்களோ உலர்வதற்கு வாரக்கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. இழப்பீட்டுப் படிவங்களும் பழுது பார்ப்பவர்களின் தாமதமும் அப்போதுதான் அவரைச் சோர்வடையச் செய்கின்றன. எனவே முதல் நாள் விடைபெறும்போதே, மூன்றாவது வாரத்தில் படிவங்களை நிரப்ப எந்த மாலை வருவீர்கள் என்பதை அவருடன் சேர்ந்து முடிவு செய்து நாள்காட்டியில் குறித்துவிட்டுக் கிளம்புங்கள்.