சிசேரியனுக்குப் பிறகு பெல்ட் அளவில் நான் செய்த தவறு

இரண்டாவது பிரசவம் சிசேரியன். டாக்டர் வயிற்று பெல்ட் போடச் சொன்னார். கர்ப்பத்துக்கு முன் என் பேன்ட் இடுப்பளவு 32 என்பதால், கடையில் அதைச் சொல்லி எம் சைஸ் வாங்கி வந்துவிட்டார் கணவர்.

இழுத்து ஒட்டினால்தான் பிடித்தது. அரை மணி நேரத்தில் மூச்சு மேலோட்டமாகத்தான் வந்தது. சாப்பிட்டதும் நெஞ்செரிச்சல். என்னை அதிகம் பயமுறுத்தியது வேறு: இருமினால் சிறுநீர் கசிந்தது. வயிற்றை இறுக்கும்போது அந்த அழுத்தம் கீழே, கர்ப்பத்தில் ஏற்கெனவே தளர்ந்த இடுப்புத்தளத் தசைகள் மேல் இறங்குகிறது என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கினார்.

அவரே டேப் எடுத்து, என்னை நிற்க வைத்து, வயிற்றை உள்ளிழுக்காமல் சாதாரணமாக மூச்சை விடச் சொல்லி, தொப்புள் மட்டத்தில் சுற்றளவு பார்த்தார். 39 அங்குலம்! பேன்ட் நிற்கும் இடமும் பெல்ட் நிற்கும் இடமும் ஒன்றல்லவே. பெட்டியின் பின்பக்க அட்டவணைப்படி அது எல் சைஸ். சில பெல்ட்டுகளுக்கு இடுப்பெலும்பு மட்டத்தில் அளக்க வேண்டும். அதையும் பெட்டியிலேயே படம் போட்டிருப்பார்கள்.

இப்போது படுத்தபடி, கீழிருந்து மேலாக ஒட்டுகிறேன். உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும், உட்கார்ந்து முழு மூச்சு இழுக்க முடிய வேண்டும். கழற்றியபின் தோலில் ஆழமான தடம் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றால், மறுநாள் தளர்த்திவிடுவேன். தூங்கும்போது போடுவதில்லை. நெஞ்செரிச்சல் இரண்டே நாளில் போனது. கசிவு குறைய மட்டும் சில வாரங்கள் பயிற்சி தேவைப்பட்டது.