கால்பந்து மைதானத்தின் நான்கு மூலைகளுக்கு முளை அடிப்பது: பேஸ், ரோவர் வைக்கும் முறை

சென்னை வியாசர்பாடி போன்ற ஒரு பகுதியில் மைதானம் ஒன்றுக்கு 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலத்தில் கோடு போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூலைகள் சென்டிமீட்டர் கணக்கில் சரியாக விழ வேண்டும். மழைக்குப் பிறகு முளை போய்விட்டாலும் அதே இடத்தில் மறுபடி அடிக்க முடிய வேண்டும். செயற்கைக்கோள் சிக்னலை வைத்துச் சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் காணும் முறைக்கு ஆர்டிகே என்று பெயர். அந்த வசதியுள்ள இரண்டு ரிசீவர்கள் போதும். ஒன்று பேஸ், மற்றது ரோவர்.

பேஸ் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். ரோவரைக் கம்பில் மாட்டி நாம் தூக்கிக்கொண்டு நடப்போம். இரண்டும் ஒரே செயற்கைக்கோள்களைப் பார்ப்பதால், வழியில் சிக்னலுக்கு வரும் பிழையும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். பேஸ் தனக்குக் கிடைத்த அளவுகளை ரேடியோவில் அனுப்பும். ரோவர் அந்தப் பொதுப் பிழையைக் கழித்துவிட்டு, பேஸிலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கண்டுபிடிக்கும். அதற்குச் சென்டிமீட்டரில் தெரிவது இது ஒன்றுதான்.

முதலில் பேஸ்

வானம் நன்றாகத் தெரியும் இடமாகப் பாருங்கள். அடுக்குமாடிச் சுவர், தகரக் கூரை, நிறுத்தி வைத்த கன்டெய்னர் லாரி ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் சிக்னல் கணக்கைக் கெடுக்கும், அதனால் தள்ளியே வையுங்கள். தரையில் அசையாத கான்கிரீட்டில் ஓர் ஆணி அடித்து, அதன் நேர் மேலே முக்காலியை நிறுத்துங்கள். ஆணியிலிருந்து ஆன்டெனா வரை உள்ள உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பேஸுக்கு அதன் இடத்தைச் சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் 'சர்வே-இன்' போடுவார்கள். அதில் ரிசீவர் சில நிமிடங்கள் தானே அளந்து, சராசரி எடுத்து, ஓர் இடத்தை முடிவு செய்யும். அது உண்மையான இடத்திலிருந்து ஒரு மீட்டர், சில சமயம் அதற்கு மேலும் விலகியிருக்கலாம். அன்றைய வேலைக்கு அதனால் கேடில்லை, நான்கு மூலையும் சேர்ந்தே நகரும், மைதானத்தின் வடிவம் மாறாது. மறுநாள் திரும்பவும் சர்வே-இன் போட்டால்தான் வினை. புது எண் வரும், மொத்த மைதானமும் முந்தைய நாளிலிருந்து தள்ளிப் போகும். எனவே முதல் நாள் வந்த எண்ணை எழுதி வைத்து, அடுத்த முறை அதே ஆணியின் மேல் பேஸை நிறுத்தி, 'ஃபிக்ஸ்டு' முறையில் அதே எண்ணைக் கொடுங்கள்.

பேஸ் ரோவருக்கு அனுப்ப வேண்டிய செய்திகளின் எண்கள் இவை:

```
1005 1074 1084 1094 1124 1230
```

1005 பேஸின் இடம், நடுவில் உள்ள நான்கும் செயற்கைக்கோள் அளவுகள், 1230 ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்களுக்கான திருத்தம். ரேடியோ வாங்கும்போது, இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதியுள்ள 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவதா என்று பாருங்கள்.

ரோவர்

ரோவரில் ஆன்டெனா உயரத்தைப் பதிந்துவிட்டு, திரையில் `FIX` வரும்வரை காத்திருங்கள். `FLOAT` என்றால் இன்னும் டெசிமீட்டர் கணக்கில் தடுமாறுகிறது, அப்போது முளை அடிக்கக் கூடாது. கம்பின் குமிழி நடுவில் நிற்க வேண்டும். இரண்டு மீட்டர் கம்பு ஒரு பாகை சாய்ந்தாலே அடியில் மூன்றரை சென்டிமீட்டர் தவறும்.

சில சமயம் `FIX` என்று காட்டியும் இடம் தவறாக இருக்கும். சந்தேகம் தீர, ஆன்டெனாவைக் கவிழ்த்து ஃபிக்ஸை இழக்கச் செய்து, மறுபடி வந்ததும் அதே புள்ளியை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் இரண்டு சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போனால் நம்பலாம். சென்னை காந்த நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், சூரியன் மறைந்த பிறகு அயனமண்டலம் கொந்தளித்து ஃபிக்ஸ் அடிக்கடி அறுந்துபோகும். காலையில் வேலையை முடித்துவிடுவதே நல்லது.

மூலைகளைக் கணக்கிடுவது

சர்வே ஆப்பில் `UTM 44N` என்ற வரைபடத் தளத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பகுதியில் அந்த வரைபடத் தளத்தின் தூரம் தரையில் உள்ள தூரத்தைவிடச் சற்றுக் குறைவு, விகிதம் ஏறக்குறைய 0.99968. 105 மீட்டரை அப்படியே கொடுத்தால் தரையில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீளும். ஆகவே நீளத்தை 104.966, அகலத்தை 67.978 என்று கொடுங்கள்.

A மூலையையும், நீளப் பக்கம் போக வேண்டிய திசையில் தொலைவில் ஒரு புள்ளியையும் ரோவரால் அளக்கிறோம். திசை வடக்கிலிருந்து கிழக்காக 20 பாகை வருவதாகக் கொண்டால், நான்கு மூலைகளும் இப்படி வரும். முதல் எண் கிழக்குத் தூரம், அடுத்தது வடக்குத் தூரம், இரண்டும் மீட்டரில்:

```
A  418700.000  1450300.000
B  418735.900  1450398.636
C  418799.779  1450375.386
D  418763.878  1450276.750
```

ஆப் காட்டும் இடத்துக்கு நடந்து முளை அடியுங்கள். மண்ணில் அடிக்கும்போது முளை நகரும், அதனால் அடித்த பின் அதன் தலையில் ஆணி வைத்து மறுபடி அளங்கள்.

பிறகு ரோவரை ஓரமாக வைத்துவிட்டு டேப்பை எடுங்கள். A-யிலிருந்து ஒரு பக்கத்தில் 30 மீட்டர், மறுபக்கத்தில் 40 மீட்டர் அளந்து குறித்தால், அந்த இரு குறிகளுக்கும் இடையே 50 மீட்டர் இருக்க வேண்டும். A-யிலிருந்து C வரை, B-யிலிருந்து D வரை என எதிரெதிர் மூலைகளுக்கு இடையே 125.10 மீட்டர் வர வேண்டும்.

அடுத்த முறை வரும்போது, மிஞ்சியிருக்கும் ஏதாவது ஒரு முளையை முதலில் அளந்து பாருங்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் முக்காலி ஆணிக்கு நேர் மேலே நிற்கிறதா, பேஸுக்குக் கொடுத்த எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.