"கவனித்தல்" என்று முடியும் ரெஸ்யூம் வரியைத் திருத்துவது எப்படி?

"கொள்முதல் பில்களைப் பதிவு செய்தல், ஜிஎஸ்டி வேலைகளைக் கவனித்தல்."

கணக்குப் பிரிவில் இருந்தவர்களின் ரெஸ்யூம்களில் இந்த வரியை அடிக்கடி பார்க்கிறேன். இதில் பொய் இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பார். மதுரையில் ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில் கணக்கு உதவியாளராக இருந்த என் அக்கா மகளும் இப்படித்தான் எழுதியிருந்தாள். இருவரும் உட்கார்ந்து அதைத் திருத்திய விதத்தைச் சொல்கிறேன்.

படி 1: வேலையை வாயால் சொல்லிப் பாருங்கள்

எழுதுவதற்கு முன் யாராவது ஒருவரிடம் சொல்லுங்கள். "நீ வந்த பிறகு அந்த வேலையில் என்ன மாறியது?" என்று கேட்டேன். "ஒன்றும் இல்லை, சித்தி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சப்ளையர்களுக்கு முன்கூட்டியே போன் செய்ய ஆரம்பித்தேன்" என்றாள். நமக்கு வேண்டியது அதுதான்.

மாதாமாதம் தாக்கல் செய்யும் சப்ளையர், தன் விற்பனை பில்களை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி, வாங்கியவருக்கு 14-ஆம் தேதி வரும். அதில் இல்லாத பில்லுக்கு அந்த மாதம் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியைக் கடை கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. கடையில் முன்பு 18-ஆம் தேதி வாக்கில்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அப்போது சப்ளையரை அழைத்தும் அந்த மாதத்துக்குப் பயன் இல்லை. இவள் மாதத்தின் முதல் வாரத்திலேயே, முந்தைய மாதங்களில் பில்லை விட்டவர்களைப் பட்டியல் போட்டு அழைத்திருக்கிறாள்.

படி 2: எண்ணை ஏட்டிலிருந்து எடுங்கள்

நினைவிலிருந்து எண் எழுதாதீர்கள். அவள் ஒவ்வொரு மாதமும் பொருந்தாத பில்களை ஓர் எக்செல் தாளில் குறித்து வைத்திருந்தாள். மிக மோசமான ஒரு மாதத்தையும் மிக நல்ல ஒரு மாதத்தையும் எடுத்து ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும், அது ஏமாற்று. தொடக்கத்தில் மூன்று மாதம், கடைசியில் மூன்று மாதம் எடுத்துச் சராசரி பார்த்தோம். மாதத்துக்கு ஏறத்தாழ 180 பில்களில், பொருந்தாதவை 42-இலிருந்து 12 ஆகியிருந்தன.

படி 3: உங்களுடையது அல்லாததைக் கழியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட்டோம். குறைந்த 30 பில்களும் அவள் போன் செய்ததால்தான் குறைந்தனவா? இல்லை. நேரத்துக்குத் தாக்கலே செய்யாத ஒரு சப்ளையரிடம் வாங்குவதை முதலாளி இடையில் நிறுத்திவிட்டார். தொடக்கக் கணக்கில் மாதம் 8 பில்கள் அவருடையவை. அவற்றை நீக்கினால் 34-இலிருந்து 12. அதுதான் அவளுடைய எண்.

அடுத்து வினைச்சொல். "ரிட்டர்ன் தாக்கல் செய்தேன்" என்று முதலில் எழுதினாள். தாக்கல் செய்தது ஆடிட்டர் அலுவலகம்; இவள் ஒப்பிட்டாள், தொடர்புகொண்டாள். அந்த இரண்டு சொற்களே போதும்.

"கடைக்கு லட்சக்கணக்கில் வரி மிச்சப்படுத்தினேன்" என்றும் ஒரு வரி வந்தது. விடுபட்ட பில்லைச் சப்ளையர் பிறகு ஏற்றினால், காலக்கெடுவுக்குள் அந்த வரவை அடுத்தடுத்த மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பெரும்பாலும் பணம் மிச்சமாகவில்லை, தாமதமாகாமல் வந்தது. கணக்குத் தெரிந்தவர் இந்த வரியைப் படித்த உடனே சந்தேகப்படுவார். அடித்துவிட்டோம்.

படி 4: எழுதுங்கள்

செய்தது, எவ்வளவு, எப்படி, என்ன ஆயிற்று. இந்த நான்கும் ஒரே வரியில் வர வேண்டும்:

"மாதம் ஏறத்தாழ 180 கொள்முதல் பில்களை ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலுடன் ஒப்பிட்டேன், பில்லை ஏற்றத் தவறும் சப்ளையர்களை முதல் வாரத்திலேயே தொடர்புகொண்டதில், பொருந்தாத பில்கள் 34-இலிருந்து 12 ஆகக் குறைந்தன."

ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசைதான். சப்ளையர் பெயரையும் கடையின் விற்றுமுதலையும் போட வேண்டாம். அவை முதலாளியின் விவரங்கள்.

உங்களிடம் ஏடே இல்லையென்றால் எண்ணை விட்டுவிடுங்கள். "18-ஆம் தேதி வாக்கில் சப்ளையர்களை அழைத்ததை முதல் வாரத்துக்கு மாற்றினேன்" என்பதே பழைய வரியைவிட எவ்வளவோ மேல்.

படி 5: பழைய முதலாளி படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்

வரியை ஒவ்வொரு சொல்லாக அவருக்குப் படித்துக் காட்டுவதாக நினையுங்கள். எந்தச் சொல்லில் அவர் புருவத்தை உயர்த்துவாரோ அதை மாற்றுங்கள். பிறகு "34 என்பது எப்படி வந்தது?" என்று நேர்காணலில் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று பாருங்கள். அவளிடம் உண்மையாகவே கேட்டார்கள். நிறுத்தப்பட்ட அந்த சப்ளையரைக் கழித்த கதையைச் சொன்னாள். அதற்குப் பிறகு பேச்சு முழுவதும் அவர்களுடைய சப்ளையர் பட்டியலைப் பற்றியே போனதாம்.