பாட்டிக்கு வீடியோ கால் சொல்லிக்கொடுக்கும்போது நாம் செய்கிற தவறுகள்

எங்கள் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். சிங்கப்பூரில் வேலை செய்யும் பேத்தி முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதற்காக அவருக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தோம், ஆனால் முதல் ஒரு மாதம் நான் சொல்லிக்கொடுத்த விதம் சுத்தமாகத் தவறு.

நான் செய்த முதல் தவறு, அவர் தடுமாறியதும் "கொடுங்க பாட்டி" என்று போனைப் பிடுங்கி, அழைப்பை எடுக்கிற பச்சைப் பட்டனை நானே தள்ளிக் கொடுத்தது. நாம் செய்வதைப் பார்த்தால் அவர்களுக்குப் பழகிவிடும் என்று நினைக்கிறோம், ஆனால் நம் விரல் போகிற வேகத்தில் அவர்களுக்கு எதுவுமே தெரிவதில்லை. போன் அவர் கையிலேயே இருக்கட்டும், நம் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளலாம் (எனக்கு அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது).

அடுத்தது விரல் விஷயம். "நான் தொட்டா மட்டும் இது செத்துப் போயிடுது தம்பி" என்பார். பாட்டி பயப்படுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன், ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் அதில் இரண்டு தனித்தனிக் கோளாறு இருப்பது தெரிந்தது. தொட்டும் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், விரல் காய்ந்து காப்புக் காய்த்திருக்கிறது, அல்லது நகநுனியால் தட்டுகிறார். தோல் வழியாகப் போகிற மிகச் சிறிய மின்சாரத்தை வைத்துத்தான் திரை விரலை அறிகிறது, நகம் அதற்குத் தெரியாது. ஈரத்துணியில் விரலைத் துடைத்துவிட்டு விரலின் சதைப் பகுதியால் தொடச் சொன்னதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தொட்டதும் போன் அதிர்ந்து வேறு ஏதோ பட்டியல் வந்து நின்றால், அவர் அழுத்திப் பிடிக்கிறார் என்று அர்த்தம். பழைய போன் பட்டனை அழுத்திய பழக்கம் அது. "சூடான தோசைக்கல்லைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி தொட்டு எடுங்க" என்றேன், உடனே பிடித்துக்கொண்டார். கூடவே Settings-இல் Accessibility-க்குள் Touch and hold delay என்று ஒன்று இருக்கும், அதைக் கூட்டிவிட்டால் கொஞ்ச நேரம் விரல் நின்றாலும் போன் பொறுத்துக்கொள்ளும்.

மூன்றாவதுதான் பெரிய தவறு என்பேன். எங்கள் பாட்டியின் ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் அழைப்பு ஒரே மாதிரி வருவதில்லை. திரை பூட்டியிருந்தால் முழுத் திரையும் நிறைந்து வரும், பச்சையை மேலே இழுக்க வேண்டும். போன் ஏற்கெனவே திறந்திருந்தால் மேலே ஒரு சின்னப் பட்டைதான் வரும், அதில் பச்சையைத் தொட்டாலே போதும். நான் ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு மற்றொன்று வந்தபோது "நேத்துதானே சொன்னேன்" என்று சலித்துக்கொண்டேன், அவர் செய்ததில் தப்பே இல்லை, அது வேறு படம்! அப்புறம் இரண்டையும் தனித்தனியாகப் பழக்கினேன். நான் சமையலறையிலிருந்து கூப்பிடுவேன், அவர் ஹாலில் எடுப்பார், ஒரு தடவைக்கு ஐந்தாறு அழைப்பு. முதல் மூன்று நாள் பூட்டிய போன் மட்டும், குங்குமத்தை நெற்றியில் மேலே இழுத்து வைக்கிற மாதிரி. அது கைக்கு வந்த பிறகுதான் சின்னப் பட்டை.

அவரே கூப்பிடும்போது இன்னொரு குழப்பம் வந்தது. மணி அடித்துக்கொண்டிருக்கும்வரை திரை முழுக்க அவருடைய முகமே பெரிதாகத் தெரியும், பேத்தி எடுத்த பிறகுதான் அது ஒரு மூலைக்குச் சுருங்கும். பாட்டி தன் முகத்தைப் பார்த்ததும் "தப்பா அமுக்கிட்டேன்" என்று கட் பண்ணிவிடுவார். சிங்கப்பூரில் அவளுக்கு வரிசையாக மிஸ்டு கால். "முதல்ல உங்க முகம் வரும், அவ எடுத்ததும் அவ முகம் வரும், அதுவரைக்கும் சும்மா இருங்க" என்ற ஒரு வாக்கியத்தை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அதேபோல பேசும்போது பட்டன்கள் மறைந்துவிடும், திரையில் வெறுமனே ஒரு தட்டு தட்டினால் திரும்ப வரும்.

பேச்சு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் போன் காதுக்குப் போய்விடும், அந்தப் பக்கம் பேத்திக்குத் தெரிவது தோடும் காதும்தான். "பாட்டி, முகத்தைக் காட்டுங்க" என்று எத்தனை தடவை கத்தினாலும் கை தானாகக் காதுக்குப் போகும், அது பல வருஷப் பழக்கம். அதனால் கத்துவதை விட்டுவிட்டுச் சத்தத்தை முழுதாகக் கூட்டி, மேசையில் ஒரு பெரிய மைலோ டின்னில் போனைச் சாய்த்து வைத்தேன், அடியில் இரண்டு நோட்டுப் புத்தகம் வைத்துக் கேமராவை அவர் கண் உயரத்துக்குக் கொண்டுவந்தேன், இல்லையென்றால் கூரைக் காற்றாடி மட்டும்தான் தெரியும். இப்போது பாட்டி இரண்டு கையும் சும்மா இருப்பதால் கீரை ஆய்ந்துகொண்டே பேசுகிறார்.