ஸ்டீப்பிள்சேஸ்: நேரம் போவது தடைக்கு மேலே அல்ல, முன்னும் பின்னும்தான்

தடையில்லாத 3000 மீட்டரை நன்றாக ஓடுகிறவர் தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி அதே 3000 மீட்டரை ஓடும் ஸ்டீப்பிள்சேஸுக்கு முதல்முறை வரும்போது போடும் கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான். என் 3000 நேரத்தோடு அரை நிமிடத்துக்கு மேல் கொஞ்சம் கூட்டு, வந்ததை ஏழரைச் சுற்றுக்குச் சமமாகப் பிரி, அந்த வேகத்தில் ஓடு. கூட்டுவதில் தப்பில்லை. 2023இல் பாரிஸில் லமேச்சா கிர்மா ஓடிய ஸ்டீப்பிள்சேஸ் உலக சாதனை 7:52.11, ஜேக்கப் இங்கெபிரிக்ட்சென் 2024இல் தடையில்லாத 3000ஐ முடித்தது 7:17.55. வித்தியாசம் ஏறக்குறைய 35 விநாடி. தாண்ட வேண்டியவையும் 28 தடை, 7 தண்ணீர்க் குழி என மொத்தம் 35. ஆக உச்சத்தில் இருப்பவர்களுக்கே ஒரு தாண்டலுக்கு ஒரு விநாடி போகிறது, மற்றவர்களுக்கு அதைவிடக் கூடத்தான் போகும். ஆனால் பிரிக்கும் இடத்தில் கணக்கு தப்பாகிவிடுகிறது, ஏனென்றால் தடைகள் 3000 மீட்டர் முழுக்கச் சமமாகப் பரவி இல்லை.

தண்ணீர்க் குழி டிராக்கின் உள்பக்கம் இருந்தால் ஒரு சுற்று 400 மீட்டருக்குக் குறையும், வெளிப்பக்கம் இருந்தால் கூடும். உள்பக்கக் குழியோடு சுற்று 390 மீட்டர் வரும் ஒரு டிராக்கை எடுத்துக்கொள்வோம். ஏழு சுற்றுக்கு 2730 மீட்டர். மிச்சமுள்ள 270 மீட்டரை ஆரம்பத்திலேயே ஓடிவிடுவார்கள், அதில் ஒரு தடையும் கிடையாது.

இப்போது 9:20க்கு 3000 ஓடுகிற ஒருவர் 10:00 குறி வைக்கிறார் என்று வையுங்கள். கூடுதல் 40 விநாடியும் அந்த ஏழு சுற்றுக்குள்தான் செலவாகப் போகிறது, அதாவது சுற்றுக்கு ஆறு விநாடிக்குச் சற்றுக் குறைவு. அவருடைய தடையில்லா வேகத்தில் 390 மீட்டருக்கு 73 விநாடி போதும், எனவே தடைகளோடு ஒரு சுற்று 78.5 ஆகும். முதல் 270 மீட்டர் தடையில்லா வேகத்திலேயே 50 விநாடியைத் தாண்டிச் சில்லறை. எல்லாம் கூட்டினால் சரியாகப் பத்து நிமிடம்.

நடப்பது என்ன? துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் முதல் தடைக்கு முன்னால் நல்ல இடம் பிடிக்க வேண்டும் என்று எல்லோரும் பாய்வார்கள், இவரும் கூடவே போய் அந்த 270ஐ 46 விநாடியில் முடித்துவிடுவார். நான்கு விநாடி லாபம் போலத்தான் தெரியும். தடையில்லாத ஓட்டத்தில் இப்படிச் செய்தால் நடுவில் கொஞ்சம் தளர்ந்து ஓடிச் சமாளிக்கலாம், அங்கே காலடி ஒரே தாளத்தில் போகிறது. இங்கே ஏறத்தாழ 78 மீட்டருக்கு ஒருமுறை அந்தத் தாளம் உடைகிறது: கொஞ்சம் வேகம் கூட்டணும், உடம்பைத் தூக்கணும், இறங்கியதும் குறைந்த வேகத்தை மறுபடி எடுக்கணும். களைப்பு வந்தால் முதலில் குறைவது வேகம்கூட இல்லை, உயரம்தான். ஆண்களுக்குத் தடை 91.4 செ.மீ., பெண்களுக்கு 76.2 செ.மீ., மேல்கட்டை 12.7 செ.மீ. தடிமன். ஹர்டில் மாதிரி இடித்தால் சாயாது, 80 கிலோவுக்குக் குறையாத எடை. ஆரம்ப வேகம் அதிகமாகிவிட்டது என்பதை நான்காவது ஐந்தாவது சுற்றில் கண்ணாலேயே பார்க்கலாம்: பின்னால் வரும் முழங்கால் தாழ்ந்து கட்டையை உரசும், இறங்கும்போது இடுப்பு தொய்யும், அதுவரை தாண்டிக்கொண்டிருந்தவர் தடைமேல் கால் வைத்து ஏற ஆரம்பிப்பார்.

சுற்று நேரத்தைப் படிப்பதிலும் இதே மாதிரி ஒரு வழுக்கல் உண்டு. மேலே சொன்ன 78.5ஐக் கடிகாரத்தில் பார்த்துவிட்டு அது 400 மீட்டர் நேரம் என்று நினைத்தால் வேகமாகப் போகிறோம் என்று தோன்றும், உண்மையில் 400க்கு அது 80.5. குழி வெளிப்பக்கம் இருக்கும் மைதானத்தில் இதே கணக்கு தலைகீழாகும். அந்த டிராக்கில் சுற்று எத்தனை மீட்டர் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கான ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது தடைக்கு முன்னால் தயங்குவது. என்னைக் கேட்டால் புதியவர்கள் அதிக நேரம் விடுவது இங்கேதான். தடை நெருங்கும்போது எந்தக் கால் முதலில் என்ற குழப்பத்தில் கடைசி ஐந்தாறு அடிகளைக் குட்டிக்குட்டியாகப் போட்டு, கிட்டத்தட்ட நின்று, பிறகு மேலே எகிறுவார்கள். நின்ற இடத்திலிருந்து எகிறினால் போவது உயரம்தான், தூரம் இல்லை. செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்: பத்துப் பதினைந்து மீட்டர் முன்பே தடையைப் பார்த்து, அடிகளை அங்கேயே லேசாகச் சரிசெய்து, சற்று வேகம் கூட்டி வருவது. இதற்கு இரண்டு காலிலும் தாண்டப் பழகியிருக்க வேண்டும், எந்தக் கால் வந்தாலும் போய்விடலாம். கூட்டத்துக்குள் ஓடும்போது முன்னால் இருப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிப் போனால் தடையே தெரியாது. அரை ஆள் அகலம் வெளியே தள்ளி ஓடுங்கள். வளைவில் இரண்டொரு மீட்டர் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும், பரவாயில்லை.

தண்ணீர்க் குழியில் தவறு வேறு மாதிரி. குழி 3.66 மீட்டர் நீளம், தடையை ஒட்டிய பக்கம்தான் ஆழம், எதிர்முனைக்குப் போகப்போக மேடேறி டிராக் மட்டத்துக்கு வந்துவிடும். தண்ணீரைத் தாண்டியே ஆகணும் என்று நினைத்துக் கட்டையிலிருந்து மேல்நோக்கிக் குதிப்பவர் கிட்டேயே, ஆழமான பக்கத்தில், இரண்டு காலையும் ஊன்றி விழுவார், அங்கிருந்து மேடேறி வர வேண்டும். அதற்குப் பதில் பாதத்தின் நடுப்பகுதியைக் கட்டைமேல் வைத்து, முழங்கால் மடங்கியபடி உடம்பைத் தாழ்வாகவே கட்டைக்கு மேலே கடத்தி, உடம்பு முன்னே போன பிறகு கட்டையைப் பின்னோக்கித் தள்ளுங்கள். ஒரு கால் குழியின் கடைசி அடியில், கணுக்கால்கூட முழுதாக நனையாத தண்ணீரில் இறங்கினால் போதும், அடுத்த கால் காய்ந்த தரையில். பெண்களுக்குக் கட்டை தாழ்வு, குழி அதே நீளம், எனவே இப்படி உடம்பை முன்னோக்கித் தள்ளுவது அவர்களுக்கு இன்னும் முக்கியம்.

இன்னொன்று, குழி இருக்கும் இடத்தில் பாதை டிராக்கை விட்டு விலகும். 2017 லண்டன் உலக சாம்பியன்ஷிப் இறுதியில் பீட்ரிஸ் செப்கோயெச் அந்தத் திருப்பத்தை விட்டுவிட்டு நேராக ஓடி, திரும்பி வந்து தாண்ட வேண்டியதாயிற்று. நான்காவதாக முடித்தார். அடுத்த வருடம் அவரே மொனாக்கோவில் 8:44.32 ஓடி உலக சாதனை படைத்தார் என்பதும் சொல்ல வேண்டியதுதான்.

குழியிலிருந்து வெளியே வரும்போது முன்னால் இருப்பவர் நான்கைந்து மீட்டர் போயிருப்பார். உடனே முழுவேகத்தில் துரத்தி அடுத்த தடைக்குள் பிடித்துவிடப் பார்ப்பது தடையில்லா ஓட்டக்காரர்களுக்கு வரும் இயல்பு. அப்படிப் பிடித்த மூச்சிரைப்போடு அடுத்த தடைக்கு வந்தால் மறுபடி தயங்கல், மறுபடி இடைவெளி, ஏழு சுற்றுக்கும் இதே கதை. முதல் மூன்று நான்கு அடியில் வழக்கமான வேகத்தை எடுத்துவிட்டு மிச்ச இடைவெளியை இரண்டு தடைகளுக்குப் பரப்பி மூடினால் செலவு குறைவு.

கடைசிச் சுற்று வேகத்துக்கும் இதேதான். ஐந்து தாண்டல் பாக்கி இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஓட முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதியின் கடைசிச் சுற்றில் தடையில் இடறி விழுந்து ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்லப்பட்டவர், உலக சாதனை வைத்திருந்த அதே கிர்மா. ஆகவே வேகத்தைத் தடைகளுக்கு நடுவே கூட்டுங்கள், முழுப் பாய்ச்சலைக் கடைசித் தடை தாண்டிய பிறகு வையுங்கள்.