லாட்ஜ் ரிசப்ஷனில் மூன்று பேர்: சாப்பாட்டு நேரத்தைப் பிரிப்பது எப்படி?

கன்னியாகுமரியில் பகல் 12 மணி செக்-அவுட் வைத்திருக்கும் ஒரு லாட்ஜை எடுத்துக்கொள்வோம். பகல் நேரத்துக்கு ரிசப்ஷனில் மூன்று பேர். மூவருமே காலை 8.30-க்கு வருகிறார்கள் என்றால், சாப்பாட்டு நேரத்தை எப்படிப் பிரித்தாலும் இடிக்கும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி, ஒருவரைத் தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அதற்குள் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். தங்கும் விடுதிகளுக்கும் இது பொருந்தும். அப்படியானால், செக்-அவுட் கூட்டம் ஓயும் வரை மூவரும் இருந்தால், 12.30-க்கு மூவருமே ஒன்றாக எழுந்தாக வேண்டும், கவுண்டர் காலியாகிவிடும். அதனால் சாப்பாட்டு நேரத்தைத் தொடுவதற்கு முன், காலையில் வரும் நேரத்தைப் பிரிக்க வேண்டும்.

1. கூட்டம் எப்போது என்று குறியுங்கள்

ஒரு வாரம், ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் கவுண்டருக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு வையுங்கள். 12 மணி செக்-அவுட் என்றால், பொதுவாக 11 முதல் 12.15 வரை பில், அட்வான்ஸ் கழிவு, சாவி எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். ஒரு மணிக்கு மேல் வருபவர்களுக்கு வேறு அவசரம்: விவேகானந்தர் பாறைக்குப் படகு நிற்பதற்குள் போக வேண்டும். அடுத்து சூரிய அஸ்தமனம் பார்க்க வரும் வேன் கூட்டம். உங்கள் தாளில் வேறு மாதிரி வந்தால் அதையே நம்புங்கள். சபரிமலை சீசனில் தனியாக இன்னொரு முறை குறியுங்கள்.

2. வரும் நேரத்தையும் சாப்பாட்டையும் சேர்த்தே எழுதுங்கள்

முதல் ஆள்: வருவது 8.30, சாப்பாடு 12.15–1.15, கிளம்புவது 5.00
இரண்டாம் ஆள்: 9.30, சாப்பாடு 1.20–2.20, கிளம்புவது 6.00
மூன்றாம் ஆள்: 10.45, சாப்பாடு 2.25–3.25, கிளம்புவது 7.15

செக்-அவுட் நெருக்கடியில் மூவரும் இருப்பார்கள். 12.15 முதல் 3.25 வரை எப்போதும் இருவராவது இருப்பார்கள். ஒருவர் அறை காட்டப் போனாலும் மற்றவர் கவுண்டரில் நிற்கலாம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் யாருக்கும் நான்கு மணி நேரம் தாண்டவில்லை. மூவருக்கும் வேலை நேரம் ஏழரை மணிதான். 8.30-க்கு முன்னும் மாலையிலும் இரவு ஷிப்ட் ஆளின் நேரம் இதோடு தொட்டு நிற்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாகச் சாப்பிடுபவருக்கு 2.25 என்பது தாமதம்தான். வாரம் ஒருமுறை வரிசையை மாற்றுங்கள். மாற்றும்போது வரும் நேரத்தோடு முழு வரியையும் மாற்ற வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகிறவருக்கு முதல் வரியைக் கொடுங்கள். இங்கேதான் பலர் தவறுவார்கள்: சாப்பாட்டு நேரத்தை மட்டும் இருவருக்குள் மாற்றிவிடுவார்கள். அப்போது 8.30-க்கு வந்தவர் 1.20 வரை உட்கார வேண்டியிருக்கும். அது நான்கு மணி ஐம்பது நிமிடம்.

3. இடையில் விட்ட ஐந்து நிமிடம்

அந்த ஐந்து நிமிடத்தில் கல்லாவை எண்ணி, தொகையை நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பாதியில் நிற்கும் வேலையையும் எழுதுங்கள்: எந்த அறைக்கு அட்வான்ஸ் பாக்கி, யாருடைய ஆதார் நகல் வாங்கவில்லை, எந்த ஜிபே பணம் இன்னும் வந்து சேரவில்லை. இதைச் சாப்பிடப் போனவரிடம் போன் போட்டுக் கேட்டால் அது ஓய்வே இல்லை. அதே காரணத்துக்காக, கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடவும் விடாதீர்கள். விருந்தினர் கண்ணில் பட்டால் கை கழுவிவிட்டு எழத்தான் வேண்டிவரும்.

4. தாமதம் எங்கே சேர்கிறது

முதல் ஆள் பத்து நிமிடம் பிந்தினால் இரண்டாமவர் 1.30 என்ற எல்லையில் போய் நிற்பார். மூன்றாமவருக்கு 2.45 வரை இடம் இருக்கிறது, அவ்வளவுதான். எனவே, கிளம்பிய நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் அதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரே ஆள் தினமும் பிந்தினால், சோம்பல் என்று முடிவு கட்டாதீர்கள். கொட்டாரத்தில் வீடு, பஸ்ஸில் போய்ச் சாப்பிட்டு வருகிறார் என்றால் ஒரு மணி நேரம் போதாது. லாட்ஜிலேயே உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் கொடுங்கள்.

5. ஒருவர் லீவு என்றால்

மீதி இருவரில் ஒருவர் சாப்பிடும்போது மற்றவர் தனியாகிவிடுவார். அந்த இரண்டு மணி நேரத்துக்கு மேனேஜர் வந்து உட்கார வேண்டும். ரூம் பாயையோ வாட்ச்மேனையோ உட்கார வைத்தால், பணமும் வருகைப் பதிவேடும் அவர் பொறுப்பில் விழும். கணக்கு உதைத்தால் பழியும் அவர் மேல்தான். அந்த நேரத்தில் வெளிநாட்டவர் வந்தால் பதற வேண்டாம். வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை ஆன்லைனில் ஏற்ற 24 மணி நேரம் இருக்கிறது. பாஸ்போர்ட், விசா நகலை எடுத்துக்கொண்டு அறையைக் கொடுங்கள். லாகின் தெரிந்தவர் திரும்பியதும் ஏற்றட்டும். அதையும் நோட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.