பாடி ஸ்கேன்: ‘ஒன்னுமே தெரியலைங்க’ என்பவர்கள் எங்கே தவறுகிறார்கள்

சேலம் அஸ்தம்பட்டியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாடி ஸ்கேன் என்ற தியானப் பயிற்சியைச் சொல்லிக் கொடுக்கிறேன். ‘இதெல்லாம் சும்மா’ என்ற எண்ணத்தோடு வருபவர்களை எனக்குப் பிடிக்கும். ஏனென்றால் இதில் நம்பியாக வேண்டியது எதுவும் கிடையாது. மல்லாந்து படுத்து, இடது கால் விரலில் தொடங்கி உச்சந்தலை வரைக்கும், ஒவ்வோர் இடத்திலும் இப்போது என்ன உணர்வு இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். அவ்வளவுதான். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் 1979-ல் தொடங்கிய, இப்போது நடப்பதை அப்படியே கவனிக்கப் பழக்கும் எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியில் ஆரம்பப் பாடமே இதுதான். அங்கே 45 நிமிடம் செய்வார்கள். ஆரம்பத்தில் 20 நிமிடம் போதும்.

உணர்வை வரவழைப்பது

ஆரம்பத்தில் நான் செய்ததையே புதிதாக வருபவர்களும் செய்வதைப் பார்க்கும்போது இன்றும் மனசு பொறுக்கவில்லை. இந்த ஒரு தவறால்தான் பலர் இரண்டே வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைக்கும் வேலை. நாள் முழுக்கத் தரையில் குனிந்து உட்கார்ந்து இடுப்பு வலி. டாக்டரிடம் காட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வந்திருந்தார். ‘இடது பாதம்’ என்று நான் சொன்னதும் அவருடைய கால் விரல்கள் லேசாக அசைந்தன. புருவம் நெரிந்தது. மூச்சு நின்று நின்று வந்தது. முடிந்ததும், “ஒன்னுமே தெரியலை தம்பி. மத்தவங்களுக்கு ஜிவ்வுனு ஏறுதாமே, எனக்கு ஏறலை” என்றார்.

விரலை அசைத்தால் உணர்வு வரத்தான் செய்யும். ஆனால் அது அவராக உண்டாக்கியது. காலுக்குள் வெளிச்சம் ஓடுவதாகக் கற்பனை செய்வதும் இதே தவறுதான். இப்படி முயற்சி செய்யச் செய்ய உடம்பு இறுகும். இறுகினால் ‘எனக்கு வரவில்லை’ என்ற எரிச்சல் வரும். எரிச்சல் வந்தால் இன்னும் இறுகும். நெற்றி, தாடை, மூச்சு மூன்றையும் பார்த்தாலே ஒருவர் இதில் மாட்டியிருப்பது தெரிந்துவிடும்.

ஒன்றும் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. தொடு உணர்வுக்காக மூளையில் இருக்கும் பகுதியில் உதடும் விரல் நுனியும் பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. முதுகுக்கும் கெண்டைக்காலுக்கும் கிடைப்பது கொஞ்சம்தான். அதனால் கெண்டைக்காலில் ‘தெரியவில்லை’ என்று வருவது சரியான பதில். இரண்டு மூச்சு அங்கே இருந்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும்.

அடுத்த வாரம் அவரிடம், “அண்ணா, எதையும் தேடாதீங்க. தரையில எந்த இடம் அழுந்துதுன்னு மட்டும் பாருங்க” என்றேன். குதிகால் அழுந்துவது தெரிந்தது. ஆடுதசையில் ஒன்றுமில்லை, கடந்து போனார். இடுப்புக்கு வந்ததும் “வலிக்குது” என்றார். வலி என்பது மொத்தமாகச் சொல்வது. இடதா வலதா, எவ்வளவு அகலம், மூச்சு இழுக்கும்போது கூடுகிறதா குறைகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். வலப்பக்கம், உள்ளங்கை அகலம், இழுக்கும்போது கொஞ்சம் பிடிக்கிறது, விடும்போது விடுகிறது என்றார். வலி போகவில்லை. ஆனால் சில வாரம் கழித்து, பற்றவைக்கும்போது தன் வலது தோள் காதுப்பக்கம் ஏறி நிற்பதை வேலை நேரத்திலேயே கவனித்து இறக்கிவிட்டதாகச் சொன்னார். பாடி ஸ்கேனிலிருந்து எதிர்பார்க்க வேண்டியது இந்த மாதிரியான பலனைத்தான்.

மனசு ஓடிவிட்டதே என்று முதலிலிருந்து தொடங்குவது

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

தூங்கிவிடுவது

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், அல்லது நாற்காலியில் உட்காருங்கள்.

ஏற்காடு போனதும் ஆரம்பிக்கலாம் என்று தள்ளிப்போடுவது

குக்கர் விசில் கேட்கும் வீட்டிலேயே ஆரம்பியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மருந்து என்று எண்ணுவது

சந்தேகப்படுபவர்களிடம் இதை மறைக்காமல் சொல்வேன். தியானப் பயிற்சிகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2014-ல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மைண்ட்ஃபுல்னஸ் ஓரளவு உதவுவதாகவும், உடற்பயிற்சியையோ மருந்தையோ விட மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்றும் அதில் இருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை இதற்காக நிறுத்தக் கூடாது.

நிறுத்த வேண்டிய இடத்தில் தொடர்வது

அரிப்பு, அலுப்பு, எழுந்து ஓடலாம் போன்ற தவிப்பு எல்லாம் சாதாரணம். கொஞ்ச நேரத்தில் வந்து போய்விடும். ஆனால் படபடப்பு ஏறிக்கொண்டே போனாலோ, பழைய அதிர்ச்சி ஒன்று கண்முன் நடப்பது போல வந்தாலோ, உடம்பே தன்னுடையது இல்லை என்பது போலத் தோன்றினாலோ, பல்லைக் கடித்துக்கொண்டு தொடரக் கூடாது. கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, அறையில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மறுபடியும் அப்படி வந்தால் மனநல மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் அடுத்த முறை படுக்க வேண்டும்.